மிச்ச 39 நாளும் எங்க போச்சு?

வளாகத்திலிருந்து வீட்டுக்கு வர்ற வாரங்களில், சனிக்கிழமை பின்னேரம், நாங்க மூணு பேரும் தோட்டத்து வாசிகசாலையில பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லிக் கொடுக்கிறோம். மூணு பேருமே கலைப்பீடம். ஒருத்தி தமிழ், ஒருத்தி புவியியல், ஒருத்தன் அரசறிவியல். நாங்க படிச்ச பாடசாலையில உயர் தரத்துக்கு விஞ்ஞானப் பிரிவே இருக்கல. அதனால எங்களுக்குத் தெரிஞ்ச கணக்கெல்லாம் சாதாரண தரத்தோட நின்னு போன கணக்கு. தரம் 9 பிள்ளைகளுக்கு அது போதும்னு நினைச்சுக்கிட்டு இருந்தோம்.

2023 ஆகஸ்ட் 23, புதன்கிழமை, பின்னேரம் ஆறு மணி தாண்டி நாலு நிமிஷம். சந்திரயான்-3 சந்திரனில் இறங்கியது. லயத்துல ஒரு போனைச் சுத்திப் பத்துப் பேர் குந்தி இருந்தோம். திட்ட இயக்குநர் வீரமுத்துவேல் விழுப்புரத்துக்காரர், நம்ம பாஷை பேசுறவர் என்று பிள்ளைகளுக்கு ஒரே சந்தோஷம். அந்தச் சூட்டோட அந்தச் சனிக்கிழமை வகுப்புக்கு ‘தூரம், கதி, நேரம்’ பாடத்துல ஒரு சின்னப் பரீட்சை வச்சோம். ரெண்டே கேள்வி.

முதல் கேள்வி: சூரியன் 150,000,000 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது. ஒளியின் கதி செக்கனுக்கு 300,000 கிலோமீட்டர். சூரிய ஒளி பூமிக்கு வர எவ்வளவு நேரம் எடுக்கும்?

ரெண்டாவது கேள்வி: சந்திரன் 384,400 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது. ஒரு விண்கலம் மணிக்கு 36,968 கிலோமீட்டர் கதியில் போகிறது. சந்திரனை அடைய எவ்வளவு நேரம் எடுக்கும்?

அந்த 36,968 நாங்க கற்பனை பண்ணின எண் இல்ல. ரொக்கெட்டிலிருந்து பிரியும்போது சந்திரயான்-3 போன வேகம் அதுதான் என்று வாசிச்சிருந்தோம், அப்படியே தூக்கிக் கேள்வியில போட்டோம். பெருமையாவும் இருந்தது, உண்மையான எண்ணை வச்சுக் கேள்வி செஞ்சிருக்கோம் என்று.

எல்லாப் பிள்ளைகளும் தூரத்தைக் கதியால் வகுத்தார்கள். முதலாவதுக்கு 500 செக்கன், அதாவது 8 நிமிஷம் 20 செக்கன். ரெண்டாவதுக்கு 10.4 மணித்தியாலம். மூணாவது வரிசையில இருக்கிற ஒரு பிள்ளையும் அதையேதான் எழுதியிருந்தாள். ஆனா அதுக்குக் கீழ பென்சிலால ஒரு வரி: ‘ஆனா 40 நாள் போச்சு. மிச்ச 39 நாளும் எங்க?’

நாங்க செஞ்சதை மறைக்காமச் சொல்றோம். விடைக்குச் சரி போட்டுட்டு அந்த வரியைச் சிவப்புப் பேனாவால வெட்டினோம். பக்கத்துல ‘கேட்டதுக்கு மட்டும் பதில் எழுதவும்’ என்று ஒரு குறிப்பு வேற.

வகுப்பு முடிஞ்சு போகும்போது அவள் திரும்பவும் வந்து நின்றாள்.

“அக்கா, கணக்கு பிழையா, நியூஸ் பிழையா?”

“ரெண்டும் சரிதான். அது நேரா போகல, சுத்திச் சுத்திப் போச்சு.”

“ஏன் சுத்தணும்?”

எங்களுக்குத் தெரியல. தெரியலன்னு சொல்லியிருக்கலாம். “அதெல்லாம் விஞ்ஞானப் பிரிவுல படிக்கிறவங்களுக்கு, உனக்கு இப்ப வேணாம்” என்று சொன்னோம். சொல்லி முடிச்ச உடனே மூணு பேருக்கும் ஒரு மாதிரி ஆகிவிட்டது. இதே வசனத்தை நாங்க எத்தனை தரம் கேட்டு வளர்ந்திருக்கோம்! அன்னைக்கு ராத்திரி மூணு பேரும் போனில் கால்குலேட்டரைத் திறந்து வச்சுக்கிட்டு உட்கார்ந்தோம். இஸ்ரோ வெளியிட்ட சுற்றுப்பாதை விபரங்களையும் அப்பொலோ 11 பயணத்தின் நேரப் பதிவையும் தேடி எடுத்தோம். அந்த ராத்திரியும் அடுத்த நாலஞ்சு ராத்திரியும் சேர்ந்து கண்டுபிடிச்சதைத்தான் இங்க எழுதுறோம்.

முதல்ல, சூரிய ஒளிக் கணக்கு ஏன் சரியாக வருது என்று பார்த்தோம். வகுத்தல் சரிவர ரெண்டு விஷயம் வேணும். போகிற பாதை நேராக இருக்கணும், வழி முழுக்க வேகம் மாறாம இருக்கணும். ஒளிக்கு ரெண்டுமே இருக்கு. சூரியனின் மேற்பரப்பை விட்டுக் கிளம்பினதிலிருந்து நம்ம மலை வரைக்கும் வழியில் கிட்டத்தட்ட வெற்றிடம்தான். செக்கனுக்கு 299,792 கிலோமீட்டர் என்ற வேகத்தில் கிளம்புது, அதே வேகத்தில் வந்து சேருது. இடையில களைக்கிறதும் இல்ல, நிக்கிறதும் இல்ல.

மாறுகிறது தூரம் மட்டும்தான். பூமி சூரியனைச் சரியான வட்டத்தில் சுத்தவில்லை. ஜனவரி மாசத் தொடக்கத்தில் 147.1 மில்லியன் கிலோமீட்டர் வரை கிட்ட வருது, ஜூலை மாசத் தொடக்கத்தில் 152.1 மில்லியன் வரை தள்ளிப் போகுது. அதனால தைப்பொங்கல் காலத்து வெயில் ஏறத்தாழ 8 நிமிஷம் 11 செக்கனில் வந்து சேருது. ஜூலை வெயிலுக்கு 8 நிமிஷம் 27 செக்கன் வேணும். ஒரு வருஷத்துக்குள்ள மொத்த வித்தியாசம் பதினாறு செக்கன்.

புவியியல் படிக்கிறவள் ஒரு கேள்வி கேட்டாள்: “நம்ம ஊர்ல வெயில் மூடுபனிக்குள்ளால சிதறி, வளைஞ்சு வளைஞ்சுதானே வருது? அது நேரத்தைக் கூட்டாதா?” கூட்டும். ஆனா ஒளி ஒரு கிலோமீட்டர் கூடுதலாகப் போனா அதுக்குச் செலவாகிறது ஒரு செக்கனை மூணு லட்சமாப் பிரிச்சா வர்ற ஒரு பங்கு. ஹட்டன் மலை முழுக்கப் பனி மூடினாலும் அந்த எட்டு நிமிஷக் கணக்குல ஒண்ணும் அசையாது. விடிய பெரட்டுல பேர் கொடுத்து, கூடையை மாட்டிக்கிட்டு அம்மா மலைக்கு ஏறுவாங்களே, அந்த எட்டு நிமிஷ நடைதான் கணக்கு. அம்மா முதல் கொழுந்தைக் கிள்ளும்போது அதுமேல விழுந்திருக்கிற வெளிச்சம், அவங்க பெரட்டுக் களத்தை விட்டு இறங்கினப்போ சூரியனை விட்டுக் கிளம்பினது.

ஆனா இதே வகுத்தல் சூரியனுக்குள்ள செல்லாது. சூரியனின் நடுவில் உண்டாகிற சக்தி வெளியே வர முடியாம, ஒவ்வொரு அடியிலும் மோதி, திரும்பி, இன்னொரு பக்கம் போய், மறுபடி மோதி வருது. சூரியனின் ஆரம் சுமார் 7 லட்சம் கிலோமீட்டர். வகுத்துப் பார்த்தா ரெண்டரை செக்கன்கூட வராது. உண்மையில் அந்தச் சக்தி மேற்பரப்புக்கு வந்து சேர பல்லாயிரம் வருஷம் எடுக்குது. அதே ஒளிதான், ஆனா பாதை நேரா இல்லாததால் வகுத்தல் பொய்யாகிறது. இதைப் பார்த்த பிறகுதான், சூத்திரத்துல பிழை இல்ல, அதை எங்க பாவிக்கிறோம் என்கிறதிலதான் பிழை என்று எங்களுக்குப் பிடிபட்டது.

இப்ப சந்திரனுக்கு வருவோம். ஒளிக்கு அந்தத் தூரம் 1.28 செக்கன். விண்கலத்துக்கு நாங்க போட்ட கணக்கு 10.4 மணித்தியாலம். நடந்தது 40 நாள். இதுல ரெண்டு சிக்கல் பின்னிக் கிடக்கு. ஒண்ணு வேகம், மற்றது பாதை. பாதை சிக்கல் இல்லாம, கிட்டத்தட்ட நேரே போன ஒரு பயணத்தை முதல்ல எடுத்தோம். 1969 ஜூலையில் போன அப்பொலோ 11.

அப்பொலோ பூமியை ஒன்றரைச் சுற்று சுத்திவிட்டு, சந்திரனை நோக்கித் தன் எஞ்சினைக் கொளுத்தி முடிச்சப்போ செக்கனுக்கு ஏறத்தாழ 10.8 கிலோமீட்டர் வேகம். அதை வச்சு வகுத்தா பத்து மணித்தியாலத்துக்குள்ள சந்திரன். ஆனா அங்கிருந்து சந்திரனைச் சுத்தத் தொடங்கிற வரைக்கும் 73 மணித்தியாலம், மூணு நாள். சுத்தலும் இல்ல, வளையலும் இல்ல. அப்ப மிச்ச 63 மணித்தியாலம் எங்க போச்சு?

பதில் ஒரு பந்துல இருக்கு. பந்தை நேரே மேல எறிஞ்சு பாருங்க. கையை விட்டுக் கிளம்பும்போதுதான் அதிக வேகம். மேல போகப் போக பூமி பின்னால இழுத்துக்கிட்டே இருக்கும். உச்சிக்குக் கிட்ட போனதும் கொஞ்ச நேரம் அந்தரத்துல தொங்கிற மாதிரி தெரியும். அது கண்ணோட மாயம் இல்ல. பந்து மேல ஏறுற மொத்த நேரத்தில் சரிபாதி, உயரத்தின் கடைசிக் கால்வாசியில்தான் செலவாகுது. விண்கலமும் அப்படித்தான். எஞ்சினை அணைச்ச பிறகு அது எறிஞ்ச பந்து. பூமி அதைப் பின்னால இழுத்துக்கிட்டே இருக்கும்.

எவ்வளவு குறையுது என்று கணக்குப் போட்டோம். பூமியிலிருந்து 50,000 கிலோமீட்டர் போகிறதுக்குள்ள 10.8 என்பது 3.8 ஆகிறது. ஒரு லட்சம் கிலோமீட்டரில் 2.5. ரெண்டு லட்சத்தில் 1.6. மூணு லட்சத்தில் 1.1. பூமியின் பிடி தளர்ந்து சந்திரனின் ஈர்ப்பு மேலோங்குகிற இடம், சந்திரனுக்கு 62,000 கிலோமீட்டர் முன்னால வருது. அங்க அப்பொலோவின் வேகம் செக்கனுக்கு 0.9 கிலோமீட்டர்தான். கிளம்பினப்போ இருந்த வேகத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கு.

ஆகவே முழுத் தூரத்துக்கும் ஒரே வகுத்தல் செய்யக் கூடாது. வழியைத் துண்டு துண்டாக வெட்டி, ஒவ்வொரு துண்டுக்கும் அதன் நடுத்தர வேகத்தைப் போட்டோம். முதல் 50,000 கிலோமீட்டருக்கு ரெண்டு மணித்தியாலம்கூட ஆகல. அடுத்த 50,000-க்கு நாலரை. அதுக்கடுத்த ஒரு லட்சத்துக்கு பதிமூணரை. அதுக்கும் அடுத்த ஒரு லட்சத்துக்கு இருபதரை. பிறகு அந்தப் பிடி மாறுகிற இடம் வரைக்கும் உள்ள 45,000 கிலோமீட்டருக்குப் பன்னிரண்டரை. கூட்டினா 53 மணித்தியாலம். நிஜப் பதிவில் சுமார் 59.

எட்டாம் வகுப்புச் சூத்திரத்தை அஞ்சு தரம் பாவிச்சு இவ்வளவு கிட்ட வந்தது எங்களுக்கே நம்ப முடியல. மிச்சம் இருக்கிற ஆறு மணித்தியாலத்தின் பெரும்பகுதி ஏன் குறையுது என்கிறதையும் நம்ம ரோட்டே சொல்லும். தோட்டத்திலிருந்து டவுனுக்கு 12 கிலோமீட்டர் என்று வைங்க. இறங்கும்போது பஸ் மணிக்கு 24 கிலோமீட்டர், ஏறும்போது 12. சராசரி என்ன? 24-ஐயும் 12-ஐயும் கூட்டி ரெண்டால் வகுத்து 18 என்று சொல்லத்தான் வாய் வரும். ஆனா இறங்க அரை மணித்தியாலம், ஏற ஒரு மணித்தியாலம். மொத்தம் 24 கிலோமீட்டருக்கு ஒன்றரை மணித்தியாலம், சராசரி 16. மெதுவாப் போகிற பகுதியில அதிக நேரம் இருக்கிறோம், அதனால சராசரி எப்பவும் மெதுவான பக்கம் சாயும். நாங்க ஒவ்வொரு துண்டுக்கும் போட்ட நடுத்தர வேகத்திலும் இதே பிழை இருக்கு. துண்டுகளை இன்னும் சின்னதாக வெட்டினா பிழை சுருங்கிக்கிட்டே போகும்.

இதுல ஒரு கேள்வி எங்களுக்குள்ளேயே வந்தது. இன்னும் வேகமா எறிஞ்சா என்ன? எறியலாம். எறிஞ்சும் இருக்காங்க. புளூட்டோவுக்கு 2006 ஜனவரியில் அனுப்பின நியூ ஹொரைசன்ஸ், செக்கனுக்கு 16 கிலோமீட்டருக்கு மேல வேகத்தோட கிளம்பி, ஒன்பது மணித்தியாலத்துக்குள்ள சந்திரன் இருக்கிற தூரத்தைத் தாண்டிப் போச்சு. ஆனா அது கடுகதி ரயில் ஹட்டன்ல நிக்காமப் போற கதை. ரயில் போச்சு, நம்மால இறங்க முடியாது. சந்திரனில் நிக்கணும்னா சந்திரனின் ஈர்ப்பு பிடிச்சுக்கொள்கிற அளவுக்கு வேகத்தைக் குறைக்கணும். எவ்வளவு வேகமாப் போறமோ அவ்வளவு எரிபொருளை பிரேக் போடவும் சுமந்துக்கிட்டுப் போகணும். அதனாலதான் சந்திரனுக்குப் போறவங்க பெரும்பாலும் ‘போதுமான அளவு’ மட்டும் எறியிறாங்க. உச்சியைத் தொட்டு நிக்கப் போகிற பந்து மாதிரி, மெல்ல ஊர்ந்து போய்ச் சேருறாங்க.

இவ்வளவும் விளங்கினாலும் கிடைச்சது மூணு நாள்தான். பிள்ளை கேட்டது 40 நாளுக்கு. இப்பதான் பாதை வருது.

ஹட்டனிலிருந்து கொழும்புக்கு வரைபடத்தில் அடிமட்டத்தை வச்சு அளந்தா 80 கிலோமீட்டர் சொச்சம். ரயில் பாதை 170 கிலோமீட்டருக்கு மேல. இரட்டிப்பை விட அதிகம். பாதை போட்டவங்களுக்கு நேர்கோடு தெரியாமலா? ரயில் எஞ்சினால் செங்குத்தாக ஏற முடியாது. மலைநாட்டுப் பாதையில் மிகச் செங்குத்தான இடத்தில்கூட 44 அடி போனா ஒரு அடிதான் உயருது. எஞ்சினோட பலம் அவ்வளவுதான், அதுக்கேத்த மாதிரி மலையைச் சுத்திச் சுத்தி ஏறுது. பலத்துல இருக்கிற குறையை தூரத்தாலயும் நேரத்தாலயும் கட்டுறோம்.

சந்திரயானும் அப்படித்தான் கட்டியது. அப்பொலோவைத் தூக்கின சற்றேர்ண்-5 ரொக்கெட் கிட்டத்தட்ட 3,000 தொன். சந்திரயான்-3ஐத் தூக்கின எல்விஎம்-3 சுமார் 640 தொன். சின்ன ரொக்கெட், அதனால ஒரே வீச்சுல சந்திரன் வரைக்கும் எறிய முடியாது. 2023 ஜூலை 14 அன்னைக்கு ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பி, மணிக்கு 36,968 கிலோமீட்டர், அதாவது செக்கனுக்கு 10.3 கிலோமீட்டர் வேகத்தில் விட்டுது. சந்திரனை எட்ட வேண்டிய வேகம் 10.9 அளவில். குறை வெறும் 0.6. ஆனா அந்தச் சின்னக் குறைக்கு விலை என்ன தெரியுமா? 10.3-ல் எறிஞ்ச பந்து 36,500 கிலோமீட்டர் உயரத்தோட உச்சியைத் தொட்டுத் திரும்பி விழுது. சந்திரன் இருக்கிற தூரத்தில் பத்தில் ஒரு பங்குகூட இல்ல. வேகத்துல கடைசியாச் சேர்க்கிற அந்தக் கொஞ்சம்தான் தூரத்துல மிச்சம் எல்லாத்தையும் வாங்கித் தருது.

எங்க கேள்வியின் பிழை இங்கதான் வெளிச்சமாச்சு. 36,968 என்ற வேகத்தில் போனா 10.4 மணித்தியாலத்தில் சந்திரன் என்று எழுத வச்சோமே, அந்த வேகத்தில் கிளம்பின பொருள் சந்திரனுக்குப் போகவே போகாது.

அந்த 0.6-ஐ சந்திரயான் தன் சொந்த எஞ்சினால கொஞ்சம் கொஞ்சமாச் சேர்த்தது. நீள்வட்டத்தில் சுத்தி வந்து, ஒவ்வொரு தடவையும் பூமிக்குக் கிட்ட வர்ற நேரம் பார்த்து எஞ்சினைக் கொளுத்தினாங்க. அந்த இடத்தில்தான் அது மிக வேகமாப் போகுது, அங்க கொடுக்கிற ஒவ்வொரு உந்தலும் அதிக உயரத்தைச் சம்பாதிக்கும். ஊஞ்சல் ஆட்டுறவங்க அதோட ஓட்டம் பார்த்துத் தள்ளுவாங்களே, அந்த மாதிரி ஒரு கணக்கு. ஜூலை 15 முதல் 25 வரைக்கும் ஐந்து தடவை. முதல் தடவைக்குப் பிறகு உச்சி 41,762 கிலோமீட்டர். ஐந்தாவது தடவைக்குப் பிறகு ஒரு லட்சத்து 27 ஆயிரத்துக்கு மேல. ஆகஸ்ட் 1 பிறந்த நடு இரவில் கடைசி உந்தல், உச்சி 369,328 கிலோமீட்டர். அதுக்குப் பிறகுதான் உண்மையில் சந்திரனுக்கான பயணமே தொடங்குது. ஆகஸ்ட் 5 பின்னேரம் சந்திரனின் ஈர்ப்புக்குள் பிரேக் போட்டு அதைச் சுத்தத் தொடங்கியது.

அந்தக் கடக்கிற பகுதி மட்டும் ஐந்து நாளுக்கும் குறைவு. அப்பொலோவின் மூணு நாளுக்கு ரொம்பத் தூரம் இல்ல. ஆக 40 நாளில் முதல் 17 நாள் ஏணி ஏறினது. அடுத்த 5 நாள் கடந்தது. மிச்சம் 18 நாள் சந்திரனைச் சுத்திச் சுத்திப் பாதையைச் சுருக்கினது, இறங்கும் பகுதியைப் பிரிச்சு விட்டது, பிறகு காத்திருந்தது.

எதுக்காகக் காத்திருந்தது? சூரியன் உதிக்க. விக்ரம் தரையிறங்கியும் பிரக்யான் ஊர்தியும் சூரியத் தகட்டால ஓடுறவை. சந்திரனில் ஒரு பகல் நம்ம கணக்குல சுமார் 14 நாள். விடியலில் இறங்கினாத்தான் முழுப் பகலும் வேலைக்குக் கிடைக்கும். இறங்க வேண்டிய இடத்தில் விடியிற நாள் ஆகஸ்ட் 23-ஐ ஒட்டி வந்தது. முதல் கேள்வியில 8 நிமிஷம் 20 செக்கனில் வந்து சேருகிற அதே வெயிலுக்காகத்தான் ரெண்டாவது கேள்வியில இருக்கிற விண்கலம் காத்துக் கிடந்தது. ரெண்டு கேள்வியும் ஒரே தாளில் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாம இருக்குன்னு நாங்க நினைச்சிருந்தோம்.

இறங்கின அந்த 19 நிமிஷத்திலும் ஒளியோட கணக்கு இருக்கு. வானொலி அலையும் ஒளியோட வேகத்தில்தான் போகுது. சந்திரயானில் நடக்கிறது பெங்களூரில் தெரிய 1.28 செக்கன், பார்த்துப் பதில் கட்டளை அனுப்பினா அது போய்ச் சேர இன்னொரு 1.28. இறங்கத் தொடங்கும்போது விக்ரம் செக்கனுக்கு 1.68 கிலோமீட்டர் போகுது. சேதி போய் வர்ற அந்த ரெண்டரை செக்கனில் அது நாலு கிலோமீட்டருக்கு மேல தாண்டியிருக்கும். அதனால பூமியிலிருந்து யாரும் அதை ஓட்ட முடியாது. தானே பார்த்து, தானே முடிவெடுத்து இறங்கணும். போனைச் சுத்திக் குந்தி நாங்க மூச்சைப் பிடிச்சுக்கிட்டு இருந்தப்போ, அந்த மண்டபத்துல இருந்த விஞ்ஞானிகளும் எங்களை மாதிரியே பார்த்துக்கிட்டு மட்டும்தான் இருந்தாங்க.

அடுத்த சனிக்கிழமை, செப்டம்பர் 2, வகுப்புக்குப் போனோம். நல்ல மழை, தகரத்தில் விழுகிற சத்தத்தில் கத்தித்தான் பேச வேண்டியிருந்தது. முதல் வேலையா அந்தப் பிள்ளையின் தாளை வாங்கினோம். வெட்டின வரிக்குக் கீழ ‘இந்தக் கேள்வி சரி, எங்க கேள்விதான் பிழை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தோம். எல்லாருக்கும் முன்னாலயே சொன்னோம். ஒரு நிமிஷம் யாரும் பேசல. பிறகு பின்வரிசைப் பொடியன் ஒருத்தன், “அப்ப எங்களுக்குப் போட்ட மார்க்ஸ் வெட்டுவீங்களா?” என்றான். வெட்ட மாட்டோம் என்றோம்.

பந்து எறிஞ்சு காட்டினோம். ரயில் பாதை வரைஞ்சோம். துண்டு துண்டா வெட்டின அட்டவணையைப் பலகையில போட்டு, ஆளுக்கொரு துண்டு கொடுத்து வகுக்கச் சொன்னோம். மூணாவது வரிசைப் பிள்ளைக்கு ரெண்டு லட்சத்திலிருந்து மூணு லட்சம் வரைக்குமான துண்டு. அவள் 1.35-ஆல் வகுத்து, செக்கனை மணித்தியாலம் ஆக்கி, இருபதரை என்று எழுதினாள். எழுதிட்டு எங்களைப் பார்க்கல, பக்கத்துத் துண்டு பதிமூணரையைத்தான் பார்த்தாள்.

“தூரம் ஒண்ணுதான். ஆனா இதுக்குக் கூட எடுக்குது, இல்லையா அக்கா?”

“ஆமா. ஏன்?”

“இங்க வரும்போது களைச்சுப் போச்சு.”

களைப்பு என்கிற வார்த்தை புத்தகத்துல இல்ல. ‘பூமி இழுத்துக்கிட்டே இருக்கிறதால வேகம் குறைஞ்சிருச்சு’ என்று திருத்திச் சொன்னோம். அவள் அதை எழுதிக்கொண்டாள். பிறகு கேட்டாள்: “சந்திரன் எவ்வளவு தூரம்னு எப்படி அளந்தாங்க? யார் டேப் பிடிச்சா?” இந்தத் தடவை தெரிஞ்சிருந்தது. அப்பொலோ 11-ல போனவங்க அங்க ஒரு கண்ணாடித் தகட்டை வச்சுட்டு வந்தாங்க. பூமியிலிருந்து லேசர் ஒளியை அடிச்சு, அது பட்டுத் திரும்பி வர ஆகிற ரெண்டரை செக்கனை மிக நுணுக்கமா அளந்து, ஒளியின் கதியால் பெருக்கி, ரெண்டால் வகுக்கிறாங்க. நேரத்திலிருந்து தூரம். அதே சூத்திரம், திருப்பிப் போட்டது. அது சரியாக வர்றது, ஒளி களைக்காததால.

அதே நாள் பிரக்யானைத் தூங்க வச்சுட்டதா இஸ்ரோ அறிவிச்சது. அங்க இருட்டப் போகுது. பிள்ளைகள் வீட்டுக்குப் போன பிறகுதான் அந்தச் செய்தியைப் பார்த்தோம். அடுத்த வாரம் வாசிகசாலைக்குப் போனா அவள் கேட்கப் போற கேள்வி எங்களுக்கு இப்பவே தெரியும்: திரும்ப எப்ப முழிக்கும்? அதுக்கு இன்னும் 14 நாள் இருட்டையும், மைனஸ் நூறுக்கும் கீழ போகிற குளிரையும் பத்திப் படிக்கணும். நாங்க படிக்கத் தொடங்கிட்டோம்.